அழிக்கப்பட்ட சிவப்புப் பொட்டு

சிவப்பு, வெள்ளை, நீலம். ஒரு போர் விமானத்தின் இறக்கையில் இந்த மூன்று நிறமும் வட்டத்துக்குள் வட்டமாக இருந்தால் அது எந்த நாட்டுடையது? எங்களில் கனபேர் யோசிக்காமல் "பிரிட்டிஷ்" எண்டு சொல்லிவிடுவோம். அது பிரான்சினுடையதாகவும் இருக்கலாம். நிறங்களைப் பார்த்தால் மட்டும் போதாது. எந்த நிறம் நடுவில் இருக்கிறது, எது வெளியில் இருக்கிறது எண்டும் பார்க்க வேண்டும். நடுவில் சிவப்பு, வெளியில் நீலம் என்றால் பிரித்தானியா. நடுவில் நீலம், வெளியில் சிவப்பு என்றால் பிரான்ஸ்.

இந்த வட்டச் சின்னத்தை ஆங்கிலத்தில் ரவுண்டல் என்பார்கள். பெரும்பாலான நாடுகளின் விமானப்படைக்கும் ஒன்று உண்டு. பெரும்பாலும் வாலிலும் அதே நிறங்களில் ஒரு சிறிய பட்டை இருக்கும். இரண்டையும் நாங்கள் கொடி மாதிரித்தான் நினைத்துக்கொள்கிறோம்: நாட்டுப் பெருமை, அலங்காரம். ஆனால் இவை எப்படி வந்தன, எப்போது மாறின எண்டு தேடிப் பார்த்தால் வேறு ஒரு கதை வருகிறது. அந்தக் கதையின் ஒரு துண்டு எங்கள் தலைக்கு மேலேயும் நடந்திருக்கிறது.

தொடக்கம் பிரான்ஸ். 1912இல் பிரெஞ்சு இராணுவம் தன் விமானங்களுக்கு இந்த வட்டத்தை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தொப்பியில் குத்திக்கொண்ட மூவர்ணத் துணிப்பூதான் அதன் மூலம். 1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியபோது பிரித்தானிய விமானங்களில் ஒழுங்கான அடையாளம் இல்லை. தரையில் நின்ற பிரித்தானியச் சிப்பாய்கள் தங்கள் விமானங்களையே சுட்டார்கள். அதைத் தடுக்க இறக்கையின் அடியில் பிரித்தானியக் கொடியை வரைந்தார்கள். அது இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. அந்தக் கொடியின் நடுவில் பெரிய சிவப்புச் சிலுவை இருக்கிறது. ஜேர்மன் விமானங்களில் இருந்தது கறுப்புச் சிலுவை. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்குச் சிவப்பும் தெரியாது, கறுப்பும் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே ஒரு சிலுவை தெரியும், அவ்வளவுதான். அவன் சுட்டான். அந்த வருடம் முடிவதற்குள் பிரித்தானியா கொடியைக் கைவிட்டு, பிரான்சின் வட்டத்தை எடுத்து, நிறங்களை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டது.

இந்தச் சம்பவத்திலேயே முக்கியமான விஷயம் முழுக்க இருக்கிறது. வட்டச் சின்னத்தை முதலில் வாசிக்க வேண்டிய ஆள் எதிரி இல்லை, தன் பக்கத்துச் சிப்பாய்தான். "சுடாதே, நான் உன் ஆள்" என்பதுதான் அதில் எழுதியிருக்கும் வசனம்.

வாலைப் பற்றியும் ஒரு சின்ன வழி சொல்லிவிடுகிறோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய படம் என்றால், வால் பட்டையில் விமானத்தின் மூக்குப் பக்கமாக எந்த நிறம் இருக்கிறது எண்டு பாருங்கள். சிவப்பு முன்னுக்கு இருந்தால் பிரித்தானியா, நீலம் முன்னுக்கு இருந்தால் பிரான்ஸ். விமானத்தின் இரண்டு பக்கத்திலும் அதே ஒழுங்குதான். அதனால் யாராவது படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தாலும் இந்த வழி ஏமாற்றாது.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் கவனம் தேவை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் பெரும்பாலும் பாவித்த படச்சுருள் சிவப்பு வெளிச்சத்தை உணராது. அதனால் சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளிறி வெள்ளைக்குக் கிட்டவாக வரும். பின்னால் வந்த, எல்லா நிறத்தையும் உணர்கிற சுருளில் நீலம் கருமையாகவும் சிவப்பு அதைவிட வெளிச்சமாகவும் விழும். ஆகவே நடுவில் கறுப்பாக ஒரு பொட்டுத் தெரிகிறது என்பதை வைத்து மட்டும் நாட்டைச் சொல்ல முடியாது. எந்தச் சுருளில் எடுத்தது என்பதைப் பொறுத்து அதே கறுப்புப் பொட்டு பிரித்தானியச் சிவப்பாகவும் இருக்கலாம், பிரெஞ்சு நீலமாகவும் இருக்கலாம்.

சரி, வானத்தில் நேரடியாகப் பார்க்கிறவனுக்கு இது எவ்வளவு தூரத்தில் தெரியும்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நல்ல கண்பார்வை உள்ள ஒருவருக்கு, ஒரு மீற்றர் அகலமான பொருள் ஏறத்தாழ 3,400 மீற்றர் தூரத்தில் வெறும் புள்ளியாகிவிடும். ஒரு மீற்றர் குறுக்களவுள்ள வட்டச் சின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று நிறங்கள். நடுப்பொட்டின் ஆரையும் ஒவ்வொரு வளையத்தின் அகலமும் கிட்டத்தட்ட 17 சென்ரிமீற்றர்தான். அந்த வளையங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் விமானம் 600 மீற்றருக்குள் வந்திருக்க வேண்டும். மணிக்கு 540 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற விமானம் ஒரு செக்கனில் 150 மீற்றர் பறக்கும். அதாவது வளையங்கள் பிரிந்து தெரியத் தொடங்கி, அது உங்கள் தலைக்கு மேலே வருவதற்கு இடையில் இருப்பது நான்கு செக்கன். இது வெயில் நல்லாய் இருக்கிற, கை நடுங்காத, பயமில்லாத ஒருவருக்கான கணக்கு. சுடுவதா விடுவதா எண்டு முடிவெடுக்கிறவன் அந்த நான்கு செக்கன் வரை காத்திருக்க மாட்டான். அதற்கு முன்னமே, தூரத்தில் மங்கலாகத் தெரிந்த ஏதோ ஒன்றை வைத்து முடிவெடுத்துவிடுவான். அந்த "ஏதோ ஒன்று" எது என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது.

நெதர்லாந்துக்கு இது 1939 செப்டெம்பரில் விளங்கியது. போர் தொடங்கி இரண்டு கிழமைகூட ஆகவில்லை, நெதர்லாந்து நடுநிலை நாடு. அதன் வட்டச் சின்னத்திலும் சிவப்பு, வெள்ளை, நீலம் இருந்தன, ஒழுங்கு வேறு. வடகடல் பக்கம் பறந்த அதன் கடற்படை மிதவை விமானம் ஒன்றை எதிரி விமானம் எண்டு நினைத்து ஜேர்மன் விமானம் சுட்டு வீழ்த்தியது. அடுத்த மாதமே நெதர்லாந்து மூவர்ணத்தை அழித்துவிட்டு, கறுப்புக் கரை போட்ட செம்மஞ்சள் முக்கோணத்தை வரைந்துகொண்டது. வட்டத்துக்குப் பதில் முக்கோணம்: நிறத்தையும் மாற்றினார்கள், உருவத்தையும் மாற்றினார்கள்.

ஆசியாவுக்கு அந்தப் பாடம் 1941 டிசம்பரில் வந்தது. யப்பான் போரில் இறங்கியது. யப்பானிய விமானங்களின் சின்னம் எல்லாரையும்விட எளிமையானது: வளையம் இல்லை, நட்சத்திரம் இல்லை, ஒரேயொரு சிவப்பு வட்டம். இப்போது மற்றவர்களின் சின்னங்களைப் பாருங்கள். பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியப் படை எல்லாருக்கும் நடுவில் சிவப்புப் பொட்டு. அமெரிக்காவுக்கு நீல வட்டத்துக்குள் வெள்ளை நட்சத்திரம், அந்த நட்சத்திரத்தின் நடுவிலும் சிவப்புப் பொட்டு. பிரித்தானியர் உருமறைப்புக்காக இறக்கையின் மேற்பக்கச் சின்னத்தில் வெள்ளை வளையத்தையே விட்டுவிட்டிருந்தார்கள். கரும்பச்சை இறக்கையில் சிவப்புப் பொட்டும் நீல வளையமும் மட்டும். கொஞ்சம் தள்ளிப் போனால் நீலம் பச்சையோடு கரைந்துவிடும், சிவப்பு மட்டும் மிஞ்சும். பச்சை விமானத்தில் சிவப்பு வட்டம் என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய நூற்றுக்கும் மேற்பட்ட யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலை. எங்கள் வானத்தில் சிவப்பு வட்டம் போட்ட யப்பானிய விமானங்களும், சிவப்புப் பொட்டு வைத்த பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்களும் ஒன்றையொன்று துரத்தின. கீழே நின்றவர்களுக்கு இரண்டு பக்கமும் சிவப்புத்தான்.

அந்த வருடம் மே மாதம் அமெரிக்கா உத்தரவு போட்டது: நட்சத்திரத்தின் நடுவிலுள்ள சிவப்பை அழி, வாலில் இருக்கும் சிவப்பு வெள்ளைக் கோடுகளையும் அழி. அவுஸ்திரேலியாவின் கற்றலினா ரோந்து விமானம் ஒன்றை அமெரிக்கக் கடற்படையின் போர் விமானம் யப்பானியருடையது எண்டு பிழையாக விளங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அவுஸ்திரேலியர்களும் தங்கள் சிவப்புப் பொட்டை அழித்தார்கள். இந்தியா, பர்மா, இலங்கைப் பக்கம் பறந்த பிரித்தானிய விமானங்களிலும் அடுத்த ஓரிரு வருடத்தில் சிவப்பு போனது. கருநீல வளையம், உள்ளே வெளிர்நீலம் அல்லது வெள்ளை. வால் பட்டையிலும் சிவப்பு இல்லை. அதே நேரம் ஐரோப்பாவில் பறந்த பிரித்தானிய விமானங்களில் சிவப்பு அப்படியே இருந்தது, ஏனென்றால் அங்கே யப்பானியர் இல்லை. ஆகவே பழைய படம் ஒன்றில் பிரித்தானிய வகை விமானத்தில் சிவப்பில்லாத நீல வட்டத்தைப் பார்த்தால் இரண்டு விஷயம் சொல்லலாம். ஒன்று, அது ஆசியாவிலோ பசுபிக்கிலோ எடுத்தது. இரண்டு, பெரும்பாலும் 1942க்குப் பிறகு எடுத்தது. இருக்கிற நிறம் நாட்டைச் சொல்கிறது. இல்லாமல் போன நிறம் எதிரி யார் எண்டு சொல்கிறது.

ஆனால் பொட்டை அழித்ததும் பிரச்சினை தீரவில்லை. அமெரிக்கர்கள் இதைப் பரிசோதித்துப் பார்த்தபோது, தூரத்தில் நிறமே தெரிவதில்லை, உருவம்தான் தெரிகிறது எண்டு கண்டார்கள். நீல வட்டத்துக்குள் இருக்கும் வெள்ளை நட்சத்திரமும் தூரத்தில் வெறும் வட்டம்தான். 1914இல் சிப்பாய்கள் சிலுவையைக் கண்டு சுட்டதும் இதே காரணத்தால்தான். ஆகவே 1943 யூனில் வட்டத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைச் செவ்வகப் பட்டைகளைச் சேர்த்தார்கள். தூரத்தில் வட்டமாகத் தெரியாது, நீளமாகத் தெரியும். அந்தப் பட்டைகளைச் சுற்றிச் சிவப்பில் ஒரு கரை போட்டிருந்தார்கள். சில மாதங்களுக்குள் அந்தச் சிவப்பையும் எடுத்துவிட்டு நீலமாக்கினார்கள். பசுபிக்கில் ஒரு மெல்லிய சிவப்புக் கோட்டைக்கூட யாரும் நம்பத் தயாராக இல்லை. இன்றைக்கும் அமெரிக்கச் சின்னத்துக்கு அந்தச் செட்டைகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் பட்டைகளுக்குள் 1947இல்தான் ஒரு சிவப்புக் கோடு திரும்பி வந்தது. அப்போது போர் முடிந்திருந்தது.

இவ்வளவு செய்தும் தன் ஆளையே சுடுவது நிற்கவில்லை. 1943 யூலை 11 இரவு சிசிலித் தீவுக்கு மேலே 144 அமெரிக்கப் போக்குவரத்து விமானங்கள் பரசூட் படையினரோடு பறந்தன. கீழே நின்ற அவர்களுடைய கப்பல்களும் துப்பாக்கிகளும் சுட்டதில் 23 விமானங்கள் விழுந்தன. இருட்டில், சற்று முன்னர்தான் ஜேர்மன் குண்டுவீச்சு நடந்திருந்த இடத்தில், நட்சத்திரத்தை யார் தேடப்போகிறார்கள்? அடுத்த வருடம் நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு முன் நேசநாடுகளின் பெரும்பாலான விமானங்களில் மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு எனத் தடித்த கோடுகளை இறக்கையிலும் உடம்பிலும் அடித்தார்கள். கடைசி ஓரிரு நாளில் அவசரத்தில் தூரிகையால் பெயின்ற் அடித்ததால் பல படங்களில் கோடு கோணலாக இருக்கும். அழகான சின்னம் செய்ய முடியாத வேலையை அந்தக் கோணல் கோடுகளிடம் கொடுத்தார்கள்.

போருக்குப் பிறகு அந்தச் சிவப்புப் பொட்டு இருந்த இடத்துக்கு என்ன நடந்தது என்பது எங்களுக்குப் பிடித்த பகுதி. பிரித்தானியா பழையபடி சிவப்பை வைத்துக்கொண்டது. ஆனால் பிரித்தானிய வட்டத்தைக் கடன் வாங்கியிருந்த நாடுகள் ஒவ்வொன்றாக நடுவில் தங்களுடையதை வைத்தன. கனடா மேப்பிள் இலையை வைத்தது. அவுஸ்திரேலியா 1956இல் சிவப்புக் கங்காருவை வைத்தது. நியூசிலாந்தில் இப்போது சிவப்புக் கிவிப் பறவை நிற்கிறது. வெளி வளையம் நீலம், உள்ளே ஒரு மிருகமோ இலையோ என்றால், பழைய பிரித்தானியச் சாம்ராச்சியத்தின் பிள்ளை எண்டு உடனே ஊகிக்கலாம்.

இந்தியா முழு நிறத்தையுமே மாற்றியது. சுதந்திரத்துக்குப் பின் சிறிது காலம் அசோகச் சக்கரத்தை வைத்துப் பார்த்தார்கள். 1950இல் குடியரசானபோது காவி, வெள்ளை, பச்சை என வளையங்களாக்கினார்கள்: வெளியில் காவி, நடுவில் பச்சை. பாகிஸ்தானுக்குப் பச்சை வளையம், உள்ளே வெள்ளை. வாலில் பிறையும் நட்சத்திரமும். பங்களாதேஷுக்குப் பச்சை வளையத்துக்குள் சிவப்பு வட்டம். 1942இல் ஆசியா முழுவதும் துரத்தி அழித்த அந்தச் சிவப்பு வட்டம் வங்காளத்தின் வானத்தில் எந்தப் பயமும் இல்லாமல் பறக்கிறது. யப்பானும் தன் சிவப்பு வட்டத்தை இன்றுவரை வைத்திருக்கிறது. சின்னத்தின் பொருள் வரைந்த உருவத்தில் இல்லை, அந்த நேரத்தில் யாரோடு யார் சண்டை என்பதில் இருக்கிறது.

இப்போதைய போர் விமானங்களின் படங்களைப் பார்த்தால் சின்னத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அமெரிக்கர்கள் சாம்பல் விமானத்தில் இன்னொரு சாம்பலால் நட்சத்திரத்தை வரைகிறார்கள். பிரித்தானியாவின் சிவப்பு வெளிறி இளஞ்சிவப்பாகவும், நீலம் வெளிறியும் போய்விட்டன, வெள்ளை வளையம் இல்லை. தன் ஆளை அடையாளம் காண இப்போது வானொலி சமிக்ஞை இருக்கிறது: ராடார் கேட்கும், விமானத்திலுள்ள கருவி பதில் சொல்லும். சுடாதே எண்டு சொல்லும் வேலை பெயின்ற்றின் கையை விட்டுப் போனதும் பெயின்ற் மங்கத் தொடங்கியது.

1923இல் ஹேக் நகரில் சட்ட வல்லுநர்கள் வான்போருக்கு ஒரு சட்ட வரைவு எழுதினார்கள். இராணுவ விமானத்தில் நாட்டைக் காட்டும் வெளி அடையாளம் இருக்க வேண்டும், இயன்றளவு பெரிதாக இருக்க வேண்டும், மேலிருந்தும் கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் தெரிய வேண்டும் எண்டு அதில் இருக்கிறது. அந்த வரைவை எந்த நாடும் ஒப்பந்தமாக ஏற்றுக் கையெழுத்திடவில்லை. "கீழிருந்தும்" என்ற அந்த ஒரு சொல் எங்களை நிறுத்தியது. கீழே இருப்பது சிப்பாய் மட்டுமில்லையே.

வடக்கில் யுத்தத்துக்குள் வளர்ந்த எங்கள் பெரியாக்கள் விமானத்தை வட்டச் சின்னத்தால் அடையாளம் கண்டவர்கள் இல்லை. காதால் கண்டவர்கள். சியாமா செட்டி, புக்காரா, சகடை, கிபிர் எண்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சத்தம் இருந்தது. சத்தத்தை வைத்துப் பங்கருக்குப் போக எவ்வளவு நேரம் இருக்கிறது எண்டு கணக்குப் போட்டார்கள். மேலே நாங்கள் போட்ட கணக்கின்படி நான்கு செக்கனில் வளையத்தைப் பார்த்து என்ன பிரயோசனம்? சின்னம் எந்த நாடு எண்டு சொல்லும். அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது என்ன விழப்போகிறது என்பது.

1987 யூன் 4ஆம் திகதி பின்னேரம், வடமராட்சிப் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில், யாழ்ப்பாணத்துக்கு மேலே ஐந்து பெரிய போக்குவரத்து விமானங்களும் அவற்றுக்குக் காவலாக மிராஜ் போர் விமானங்களும் வந்தன. காவி, வெள்ளை, பச்சை வட்டம் போட்ட இந்திய விமானப்படை. முதல் நாள் கடல் வழியாக அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. அதனால் அடுத்த நாள் வானத்தால் வந்தார்கள். அன்றைக்கு விழுந்தது குண்டு இல்லை. பரசூட்டில் கட்டிய உணவும் நிவாரணப் பொருட்களும், ஏறத்தாழ 25 தொன். நடுவிலிருந்த பச்சையைக் கீழே நின்ற எத்தனை பேர் கண்டிருப்பார்கள்? பரசூட் விரிந்த பிறகுதான் பெரும்பாலான சனத்துக்கு அது யாருடைய விமானம் எண்டு யோசிக்க நேரம் கிடைத்திருக்கும்.